என் மனநல முன்னறிவுறுத்தல்

எழுதியவர்: செ. மலர்விழி, வயது 38, பள்ளி ஆசிரியை, பாளையங்கோட்டை.
எழுதிய நாள்: 14 ஜூன் 2025.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 5 தரும் உரிமைப்படி, முழுத் தெளிவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதை எழுதுகிறேன். சிகிச்சை பற்றிச் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், அதன் விளைவை எடைபோடவும், என் முடிவைத் தெரிவிக்கவும் என்னால் முடியாமல் போகும் நாட்களில் மட்டும் இது செல்லும். தெளிவு திரும்பியதும் என்னிடமே கேளுங்கள்.

எனக்கு மனச்சிதைவு நோய் மூன்று முறை கடுமையாக வந்திருக்கிறது: 2013, 2017, 2022. மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆரம்பித்தது. அதனால் அடுத்த முறை எப்படி வரும் என்று எனக்கும் வீட்டாருக்கும் ஓரளவு தெரியும்.

எப்படித் தொடங்கும்

முதலில் தூக்கம் போகும். இரண்டு இரவு தூங்காமலே மறுநாள் பள்ளிக்குப் போய் வருவேன், களைப்பே தெரியாது. அப்புறம் பக்கத்து வீட்டு டிவியில் என்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்வேன். ஜன்னலைச் சாத்திவிட்டு, போனை அரிசிப் பானைக்குள் வைப்பேன். என் கணவர் முருகேசன் யாருடனோ சேர்ந்து எனக்கு எதிராக ஏதோ செய்கிறார் என்ற சந்தேகம் கடைசியில் வரும். அந்தக் கட்டம் வந்துவிட்டால் நானாக மருத்துவமனைக்கு வர மாட்டேன். ஆகவே தூக்கம் போன மூன்றாம் நாளே என் மருத்துவரிடம் பேசுங்கள். போனில் பேசினாலும் போதும்.

என் சார்பில் முடிவெடுக்க வேண்டியவர்

என் நியமனப் பிரதிநிதி, என் அக்கா செ. கனகா. அவரால் வர முடியாவிட்டால் மட்டும் என் கணவர்.

அவரை இரண்டாவதாக வைத்ததற்கு எந்த மனக்கசப்பும் காரணமில்லை. நோய் வரும்போது நான் முதலில் சந்தேகப்படுவது அவரைத்தான். அவர் கையெழுத்துப் போட்டு என்னைச் சேர்த்தால், எனக்குள் இருக்கும் அந்தப் பயம் உண்மையாகிவிடும். 2022இல் அதுதான் நடந்தது. குணமான பிறகும் ஒருவரையொருவர் நேராகப் பார்க்கப் பல மாதம் ஆயிற்று. அக்கா குரலை மட்டும் எந்த நிலையிலும் நம்பியிருக்கிறேன்.

மருந்து

எனக்குப் பலன் தந்தது ஒலான்சபின். இப்போது இரவில் 5 மில்லிகிராம் எடுக்கிறேன். நோய் முற்றியபோது 15 வரை ஏற்றினார்கள், மூன்று வாரத்தில் தெளிந்தேன். அதையே முதலில் கொடுங்கள். 2022இல் 11 கிலோ எடை கூடியது. என் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. அதனால் எடையும் ரத்தச் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

ரிஸ்பெரிடோன் வேண்டாம். மாதவிடாய் நின்று, மார்பில் பால் கசிந்தது. மாதம் ஒருமுறை போடும் பாலிபெரிடோன் ஊசியும் அதே வழி வந்த மருந்துதான் என்று மருத்துவர் விளக்கினார், அதுவும் வேண்டாம்.

ஹாலோபெரிடோல் ஊசியைக் கூடியவரை தவிருங்கள். 2013இல் போட்ட சில மணி நேரத்தில் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, நாக்கு தடித்துப் பேச முடியவில்லை. அப்போது என் உடம்பில் யாரோ புகுந்துவிட்டதாகவே நம்பினேன். வேறு வழியே இல்லையென்றால் புரோமெத்தசினும் சேர்த்துப் போடுங்கள். முதலில் லோராசெபம் கொடுத்து என்னைத் தூங்க வையுங்கள். பாதிப் பதற்றம் அதிலேயே அடங்கும்.

மின்னதிர்வு சிகிச்சையை முழுதாக மறுக்கவில்லை. சாப்பாடு, தண்ணீர் இரண்டையும் நிறுத்தி உடம்பு ஆபத்தில் இருந்து, மருந்தும் பலிக்காவிட்டால், அக்காவிடம் விளக்கிச் சொல்லி, அவர் ஒப்புதலோடு தரலாம். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைத் தருவதைச் சட்டமே தடை செய்கிறது.

சாப்பாட்டில் மருந்து கலக்காதீர்கள்

இந்தக் காகிதத்தில் மற்ற எல்லாவற்றையும் விட இது எனக்கு முக்கியம். அம்மா, முக்கியமாக உனக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2017இல் மாத்திரையைப் பொடித்து என் காபியில் கலந்தீர்கள். அன்பினால்தான் செய்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் டம்ளர் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நான் பார்த்துவிட்டேன். வீட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அதற்கப்புறம் உன் கையால் எதையும் சாப்பிடவில்லை. பதினாறு நாள் கடை பிஸ்கட்டும் குழாய்த் தண்ணீரும்தான். அந்தச் சந்தேகம் போக, மருந்தை விட அதிக நாள் பிடித்தது.

மாத்திரையை உறையோடு என் கையில் கொடுங்கள். பெயரைச் சொல்லுங்கள். துப்பினால் திட்டாதீர்கள், ஒரு மணி நேரம் கழித்து அக்கா கேட்கட்டும். வாயில் வைத்ததும் கரையும் ஒலான்சபின் மாத்திரை உண்டு, அதைத் தாருங்கள். இரண்டு நாள் தொடர்ந்து மறுத்தால் மருத்துவமனையில் சேருங்கள். ஒளித்துக் கொடுப்பதை விட என்னை அழைத்துப்போவது எனக்குச் சம்மதம் என்று இன்று தெளிவாகச் சொல்கிறேன். அன்று நான் எவ்வளவு கத்தினாலும், இந்தச் சம்மதம் நிற்கட்டும்.

எங்கே, எப்படி

பாளையங்கோட்டையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவில் சேருங்கள். வீட்டிலிருந்து பக்கம், அக்கா தினமும் வர முடியும். ஆம்புலன்ஸோ ஆட்டோவோ போதும், போலீஸ் வேண்டாம். காரணத்தை என் முகத்துக்கு நேரே சொல்லி அழைத்துப்போங்கள். கோயிலுக்கு என்று சொல்லி ஏற்றாதீர்கள்.

எனக்காக வேண்டிக்கொள்வதோ, விளக்கேற்றுவதோ, திருநீறு பூசுவதோ எனக்குத் தடையில்லை. ஆனால் மருத்துவத்துக்குப் பதிலாக எந்தக் கோயிலிலும் தர்காவிலும் என்னைத் தங்கவைக்கக் கூடாது. சங்கிலி எந்த இடத்திலும் கூடாது, வீட்டிலும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. அப்போது எனக்கு 14 வயது. அந்தச் செய்தி இன்னும் எனக்குள் இருக்கிறது.

தலையை மழிக்கக் கூடாது. என் சொந்த உடையை அணிய விடுங்கள். தனியறையில் பூட்டாதீர்கள். ஆபத்து நேரத்தில் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தால் பெண் செவிலியர்கள் செய்யட்டும், காரணத்தைச் சொல்லிக்கொண்டே செய்யட்டும். மெதுவான குரலும் குறைந்த வெளிச்சமும் எனக்கு உதவும். என் நம்பிக்கைகள் பொய்யென்று வாதாட வேண்டாம். 'உனக்குப் பயமாக இருக்கிறது, நான் பக்கத்தில் இருக்கிறேன்' என்று சொன்னால் போதும்.

அவசர சிகிச்சையை இந்த ஆவணம் கட்டுப்படுத்தாது என்பது எனக்குத் தெரியும். சட்டம் அதற்கு அதிகபட்சம் 72 மணி நேரம் தருகிறது. அந்த நேரத்திலும் மேலே உள்ள மருந்துக் குறிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். இதில் எதையாவது மாற்றியே ஆக வேண்டும் என்று தோன்றினால், மனநல மறுஆய்வு வாரியத்தைக் கேளுங்கள்.

வீடும் வேலையும்

மகள் யாழினிக்கு 9 வயது. 'அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்' என்று சொல்லாதீர்கள். 'அம்மாவுக்கு மனசு சரியில்லை, மருத்துவமனையில் இருக்கிறாள், மருந்து சாப்பிட்டால் தெளிந்துவிடும், உன்னால் வந்ததில்லை' என்று சொல்லுங்கள். நான் தூங்கத் தொடங்கிய பிறகு அவளை அழைத்துவரலாம். அதற்கு முன் வேண்டாம். இரவு அவள் அத்தை வீட்டில் இருக்கட்டும். பள்ளிக்கு மருத்துவ விடுப்பு என்று மட்டும் தெரிவித்தால் போதும், நோயின் பெயர் வேண்டாம். என் ஏடிஎம் அட்டையை அக்கா வாங்கி வைக்கட்டும். 2022இல் இரண்டு நாளில் 40,000 ரூபாய் கரைந்தது.

இதன் நகல் அக்காவிடமும், கணவரிடமும், என் மருத்துவக் கோப்பிலும் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் இதை மாற்றவோ ரத்து செய்யவோ எனக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு ஜூனிலும் படித்துப் பார்ப்பேன்.

கையொப்பம்: செ. மலர்விழி
நியமனப் பிரதிநிதியாக இருக்கச் சம்மதிக்கிறேன்: செ. கனகா

எங்கள் முன்னிலையில் தெளிந்த மனநிலையில் கையெழுத்திட்டார்:
சாட்சி 1: இரா. வசந்தி, உடன் பணிபுரியும் ஆசிரியை
சாட்சி 2: ப. சுடலைமுத்து, எதிர்வீட்டுக்காரர்