இடது கன்னம் வேம்பு, வலது கன்னம் சாலிசிலிக்: 30 நாள் முடிவு

என் சருமம் எண்ணெய்ப் பசை உள்ளது. தினமும் சென்னை வெயிலில் ஸ்கூட்டர், குளிக்க போர் தண்ணீர். ஒரே மாதத்தில் இரண்டு ஃபேஸ் வாஷை ஒப்பிட வேண்டும் என்பதால் இடது பாதி முகத்துக்கு வேம்பு ஜெல் (100 மி.லி. 149 ரூபாய்), வலது பாதிக்கு 2% சாலிசிலிக் அமிலம் உள்ளது (100 மி.லி. 329 ரூபாய்) என்று பிரித்துக்கொண்டேன். காலையும் இரவும் கழுவினேன். மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் இரு பக்கமும் ஒன்றே. பிராண்ட் பெயர்களை விட்டுவிடுகிறேன், லேபிளில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

முதல் வாரக் குறிப்பில், "வேம்புதான் சூப்பர், முகம் பளிச்" என்று எழுதியிருக்கிறேன். நல்ல வாசனை, கை நிறைய நுரை, துடைத்ததும் தோல் இறுக்கமாக இருந்தது. வலது பக்கம் வழவழவென்றே இருந்ததால் அழுக்கு போகவில்லை என்று நினைத்தேன்.

அது தவறு. மூன்று இரவுகள், கழுவிய பிறகு இரு கன்னங்களையும் ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன். இரண்டு பஞ்சும் ஒரே அளவு வெள்ளையாகத்தான் இருந்தன. வேம்பு ஜெல்லின் நுரை, லேபிளில் இரண்டாவதாக உள்ள சோடியம் லாரெத் சல்ஃபேட் தருவது. நுரை அதிகம் என்பதால் சுத்தமும் அதிகம் என்று ஆகாது. நான் பளிச் என்று நினைத்த இறுக்கம் வறட்சியின் தொடக்கம். பத்தாம் நாள் இடது மூக்கோரத்தில் தோல் உரிந்தது.

வலது பக்கத்திலும் குறை உண்டு. முதல் ஐந்து நாள் உதட்டோரம் லேசாக எரிந்தது, பிறகு நின்றுவிட்டது.

பருக்களை ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்து எண்ணினேன். இடது பக்கம் 5 இருந்தது 4 ஆனது, வலது பக்கம் 6 இருந்தது 2 ஆனது. மாதவிடாய்க்கு முன் தாடையில் வந்தவற்றை இரு பக்கமும் கணக்கில் சேர்க்கவில்லை. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும், அதனால் துளைகளுக்குள் போகும். ஆனால் பரு குறைந்தது அதனாலா, வலது பக்கம் சல்ஃபேட் இல்லாததாலா என்று என் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே ஒரு முகம், அதுவும் ஒரே மாதம். மேல்தோல் புதுப்பிக்கவே ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும்.

மதியம் இரண்டு மணிக்கு டிஷ்யூவில் ஒற்றிப் பார்த்தபோது இரு பக்கமும் ஒரே எண்ணெய்தான். "எட்டு மணி நேரம் எண்ணெய் கட்டுப்பாடு" என்ற வேம்பு ட்யூபின் வாசகம் என் முகத்தில் பலிக்கவில்லை.

விலை வித்தியாசம் பார்த்த அளவுக்கு இல்லை. சமையலறைத் தராசில் நிறுத்தேன். முழு முகத்துக்குக் கணக்கிட்டால் வேம்பு மாதம் 68 கிராம், சுமார் 100 ரூபாய். மற்றது கொஞ்சமே போதும் என்பதால் 42 கிராம், சுமார் 140 ரூபாய்.

நான் அடுத்து வாங்கப்போவது சாலிசிலிக். வறண்ட சருமம் உள்ளவர்கள் அதைத் தினமும் இருவேளை போட வேண்டாம், ஒருவேளையில் தொடங்குங்கள். மீதி வேம்பு ஜெல்லைத் தினமும் ஃபுட்பால் ஆடிவிட்டு வரும் தம்பி எடுத்துக்கொண்டான். அவனுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் இன்னும் ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது.