தண்டையார்பேட்டை மொட்டை மாடிக் கூட்டம்: ஆறு மாதப் பொருளாதார வாசிப்புத் திட்டம், ஜனவரி முதல் ஜூன் வரை

போன ஞாயிறு மாடியில் பேசியதை எழுதித் தரச் சொன்னீர்கள். நான் பாரிமுனையில் ஒரு ஹார்டுவேர் கடைக்குக் கணக்கு எழுதுகிறவன், பொருளாதாரத்தில் பட்டம் கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தடித்த ஆங்கிலப் பாடநூலை வாங்கி நாற்பதாம் பக்கத்தில் நின்றுபோனவன். அந்தப் புத்தகம் இப்போது எங்கள் வீட்டு ஃபேனுக்குக் கீழே காலண்டர் பறக்காமல் இருக்க உதவுகிறது. எனவே இந்தத் திட்டம் பாடநூலின் வரிசையில் போகாது. நம் தெருவில் எந்த மாதம் எது நடக்கிறதோ, அந்த மாதம் அதைப் படிப்போம்.

வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மாடி. மூன்று வாரம் தொடர்ந்து படிக்காமல் வந்தாலும் பரவாயில்லை, நோட்டு இல்லாமல் மட்டும் வரக்கூடாது.

என்ன நோட்டு என்றால், ஒரு லாங் சைஸ் நோட்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் எட்டு விலை எழுதணும்: தக்காளி, வெங்காயம், புழுங்கல் அரிசி, முட்டை, கறிக்கோழி, வஞ்சிரம், காஸ் சிலிண்டர், சித்தாள் கூலி. கடை மாறக்கூடாது. போன வாரம் அண்ணாச்சி கடை, இந்த வாரம் சூப்பர் மார்க்கெட் என்று போனால் ஏறினது விலையா, கடையா என்று தெரியாது. ஆறு மாதம் முடியும்போது உங்களிடம் இருபத்தைந்து சனிக்கிழமை இருக்கும்.

ஜனவரி: விலை எங்கிருந்து வருகிறது

தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் பாடநூல் போதும். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் பிடிஎஃப் இலவசம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் புத்தகம் கேட்காதீர்கள், ஆண்டுத் தேர்வு முடிகிறவரை யாரும் தர மாட்டார்கள். காகிதத்தில்தான் படிப்பேன் என்கிறவர்கள் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகளைப் பாருங்கள்.

நுகர்வு, தேவை, அளிப்பு, சந்தை அமைப்பு, இந்தப் பகுதிகளை மட்டும் படியுங்கள். கணிதம் பற்றிய கடைசி அத்தியாயத்தை இப்போது தொடவே வேண்டாம். பாடநூல் தமிழ் கொஞ்சம் முரடாக இருக்கும். ‘இறுதிநிலைப் பயன்பாடு’ என்று வந்தால் பயப்படாதீர்கள். பசித்திருக்கும்போது சாப்பிடுகிற முதல் பரோட்டாவுக்கும் ஐந்தாவது பரோட்டாவுக்கும் உள்ள வித்தியாசம்தான் அது.

பொங்கல் வாரத்தில் கரும்பு, மஞ்சள் கொத்து, பூ விலையைத் தனியாகக் குறித்துவையுங்கள். போகி அன்று என்ன விலை, காணும் பொங்கலுக்கு மறுநாள் என்ன விலை? கரும்பு மறுநாள் அடிமாட்டு விலைக்கு ஏன் போகிறது, அரிசி ஏன் போவதில்லை? இதற்கு நாலு வரியில் பதில் எழுத வந்துவிட்டால் ஜனவரி முடிந்தது.

பிப்ரவரி: அரசாங்கத்தின் வரவும் செலவும்

2017 முதல் மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1 அன்று வருகிறது. டிவி விவாதத்தை அணைத்துவிட்டு, நிதி அமைச்சகத்தின் தளத்தில் பட்ஜெட் சுருக்கத்தை எடுங்கள். ‘ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது’ என்று இரண்டு வட்டப் படங்கள் இருக்கும். வருகிற வட்டத்தில் கடன் எவ்வளவு, போகிற வட்டத்தில் வட்டி எவ்வளவு என்று பாருங்கள். அந்த இரண்டு துண்டும் புரிந்தால் நிதிப் பற்றாக்குறை புரியும்.

பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் நிதிப் பொருளியல் பகுதியைக் கூடவே படியுங்கள். நேர்முக வரி, மறைமுக வரி இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியணும். வருமான வரி கட்டாதவன் வரியே கட்டவில்லை என்று எவராவது சொன்னால், அவரிடம் ஒரு சோப்பு பில்லைக் காட்டி ஜிஎஸ்டி வரியைப் படிக்கச் சொல்லுங்கள். சொத்து வரி ரசீது வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். அதில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி இருக்கும். நாம் போகாத கிளை நூலகத்துக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம், அதனால் போங்கள்.

மார்ச்: வட்டியும் விலைவாசியும்

இந்த மாதத்துக்கு நேரம் அதிகம் வேண்டும். பணவியல், வங்கியியல் இரண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் நான் தண்டலிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

நம் தெருவில் நடக்கிற கணக்கு எல்லோருக்கும் தெரியும். 10,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் 8,500. தினம் 100 ரூபாய், நூறு நாள். ‘ஆயிரத்து ஐந்நூறுதானே, பதினைந்து பர்சென்ட்’ என்போம். இங்கேதான் ஏமாறுகிறோம். முதலில், வாங்கினது 8,500, ஆகவே 1,500 என்பது அதில் 17.6 சதவீதம். இரண்டாவது, அந்த 8,500 நூறு நாளும் நம் கையில் இருக்கவில்லை. மறுநாளிலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டோம், ஐம்பதாவது நாளில் ஏறக்குறைய பாதிதான் கையில். மூன்றாவது, இது வருஷ வட்டி இல்லை, நூறு நாள் வட்டி. மூன்றையும் சேர்த்துப் போட்டால் ஒரு நாளைக்குச் சுமார் 0.33 சதவீதம், வருஷத்துக்கு 120 சதவீதம் பக்கம் வருகிறது. கூட்டத்தில் நூறு வரி போட்டு ஒவ்வொரு நாளாகக் கழித்துக் காட்டுகிறேன். இதைச் செய்து பார்த்த பிறகு, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற ரெப்போ வட்டி என்பது என்ன, வங்கி ஏன் நம் தெருவுக்கு வரவில்லை, தண்டல்காரர் ஏன் வருகிறார் என்று கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அவர் ஜாமீன் கேட்பதில்லை, ஃபார்ம் கேட்பதில்லை, ஓடிப்போகிறவர்களின் நஷ்டத்தையும் நம்மிடமே வசூலிக்கிறார். அவரை வில்லனாக்கிவிட்டு உட்கார்ந்தால் பாடம் பாதியில் நின்றுவிடும்.

அடுத்தது பணவீக்கம். ‘பணவீக்கம் குறைந்தது’ என்று செய்தி வந்தால் விலை குறைந்தது என்று அர்த்தம் இல்லை. 100 ரூபாய்ப் பொருள் போன வருஷம் 110 ஆனது, அது 10 சதவீதம். இந்த வருஷம் 115.50 ஆனது, அது 5 சதவீதம். பணவீக்கம் பாதியாகிவிட்டது, பொருளோ இன்னும் ஏறித்தான் நிற்கிறது. ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம், இரண்டு புள்ளி மேலே கீழே போகலாம். இலக்கு பூஜ்ஜியம் இல்லை என்பதைக் கவனியுங்கள், ஏன் என்று பாடநூலில் தேடுங்கள்.

நுகர்வோர் விலைக் குறியீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எடை உண்டு. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட வரிசையில் உணவு, பானங்களுக்கு நூறில் 46 பங்கு. உங்கள் வீட்டில் சம்பளத்தில் சாப்பாட்டுக்கு எவ்வளவு போகிறது? நோட்டில் உள்ள எட்டு விலையை உங்கள் வீட்டு எடையில் போட்டு உங்கள் சொந்தக் குறியீடு தயார் செய்யுங்கள். அது அரசுக் குறியீட்டோடு ஒத்துப்போகாது. அப்படி ஒத்துப்போகாதது பொய் ஆகாது, வீடு வேறு என்பதுதான்.

ஏப்ரல்: தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. காசிமேட்டில் மீன் விற்கிற அக்கா முதல் கூட்டத்திலேயே கேட்டார்: “தடைக்காலத்துல வஞ்சிரம் வெல ஏறுது, ஆனா எங்கையில நிக்கிற காசு எறங்குது. அது எப்படிண்ணே?” நான் அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. இந்த மாதம் முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

ஜனவரியில் படித்த தேவை நெகிழ்ச்சியை, அதாவது விலை ஏறினால் வாங்குவது எவ்வளவு குறைகிறது என்பதை, மறுபடி எடுங்கள். விலை ஏறினால் வாங்குகிறவர் கோழிக்கடைக்குப் போகிறாரா? ஃபைபர் போட்டில் வருகிற மீன் எவ்வளவு? ஏப்ரலில் மேற்குக் கடற்கரையில் தடை இல்லை, அங்கிருந்து ஐஸ் பெட்டியில் மீன் வருகிறது. அங்கே தடை ஜூனில் தொடங்கும், ஜூன் நடுவில் நம் படகு கிளம்பிவிடும். அக்கா அந்த இரண்டு மாதமும் எத்தனை கிலோ எடுக்கிறார், என்ன விலைக்கு எடுக்கிறார், எவ்வளவு மிஞ்சுகிறது என்று எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் இல்லாத தரவு அது, பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் எண்ணூர். சந்தை விலையில் ஏறாத செலவுக்குப் புறவிளைவு என்று பெயர். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது வலை நாசமானது மீனவருக்கு. அந்தச் செலவு எந்தப் பெட்ரோல் பில்லிலும் ஏறவில்லை. சுற்றுச்சூழல் பொருளியல் பகுதியை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

மே: உழைப்பு

ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதிய ‘தேசங்களின் செல்வம்’ நூலில் முதல் மூன்று அத்தியாயம் மட்டும். ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கும். காலேஜ் தம்பி படித்துவிட்டு நமக்குத் தமிழில் சொல்வான் (அவனே ஒத்துக்கொண்டது, நான் கட்டாயப்படுத்தவில்லை). குண்டூசிப் பட்டறையில் பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரு நாளைக்கு 48,000 ஊசி செய்கிற கதை அதில்தான் வருகிறது. வண்ணாரப்பேட்டை ரெடிமேட் பட்டறையில் காலர் மட்டும் தைக்கிற நம் டெய்லர் அண்ணன் அன்றைக்குப் பேசணும். உற்பத்தி கூடியது சரி, பீஸ் ரேட் கூடியதா?

அந்தக் கேள்விக்குத்தான் தொழிற்சங்கம். பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களிடமிருந்து 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் அதில் இருந்தார்கள். 1923-இல் சிங்காரவேலர் இதே ஊர்க் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். மில் 1996-இல் மூடிவிட்டது. வேலை போன குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கின்றன. ஒரு தாத்தாவிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து வாருங்கள், வேலையின்மை பற்றிய அத்தியாயத்தைப் பிறகு படித்தால் சீக்கிரம் ஏறும்.

ஜூன்: பெரிய படம்

தேசிய வருமானம், வெளிநாட்டு வர்த்தகம், இரண்டையும் வேகமாக முடித்துவிடலாம். 1991-ஐ மட்டும் நிதானமாகப் படியுங்கள். டாலர் தீர்ந்துபோகிற நிலைக்கு வந்து அந்த ஜூலையில் சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்த நாடு இது. அடகுக் கடையை அறிந்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடைசி இரண்டு வாரம் அமர்த்தியா சென், 1981-இல் வந்த வறுமையும் பஞ்சமும் பற்றிய நூல். முழுதும் வேண்டாம், 1943 வங்கப் பஞ்சம் பற்றிய அத்தியாயம். அந்த வருஷம் இருந்த உணவு 1941-ஐ விட அதிகம், 1941-இல் பஞ்சம் இல்லை. பிறகு எப்படி லட்சக்கணக்கில் செத்தார்கள்? அரிசி விலை ஏறியது, கூலி அதோடு ஏறவில்லை. கடுமையாக அடிபட்டவர்களில் மீனவர்களும் விவசாயக் கூலிகளும் இருந்தார்கள். உங்கள் நோட்டில் எட்டாவது வரியாகச் சித்தாள் கூலியை ஏன் எழுதச் சொன்னேன் என்று அப்போது ஒருவராவது கேட்பீர்கள்.

ஜூன் கடைசி ஞாயிறு அன்று ஒவ்வொருவரும் அன்றைய நாளிதழின் வணிகப் பக்கத்திலிருந்து ஒரு செய்தியைச் சத்தமாகப் படித்து, மற்றவர்கள் கேட்கிற மூன்று கேள்விக்குப் பதில் சொல்லணும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். சுண்டல் என் வீட்டிலிருந்து. கடலை விலையைப் பொறுத்து அளவு.