எங்கள் தரம் 10 மாணவனின் மறைவு: பெற்றோர், மாணவர், ஆசிரியர் எல்லோருக்கும்

நேற்று திங்கட்கிழமை மாலை எங்கள் பாடசாலையின் தரம் 10 மாணவன் ஒருவன் இறந்துவிட்டான். வீட்டில் திடீரென்று மயங்கி விழுந்தவனை 1990 அம்புலன்ஸில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள், காப்பாற்ற முடியவில்லை. யார் என்பது இதற்குள் உங்களில் பெரும்பாலானோருக்குத் தெரிந்திருக்கும். பெயரும் படமும் ஃபோன் ஃபோனாகச் சுற்ற வேண்டாம் என்று அவனுடைய அப்பா இரவு என்னிடம் கேட்டுக்கொண்டார், அதனால்தான் இங்கே பெயர் எழுதவில்லை.

ஏன் இறந்தான் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். எனக்கும் தெரியாது. பிரேத பரிசோதனை நடந்திருக்கிறது, மரண விசாரணை அதிகாரியின் முடிவு இன்னும் வரவில்லை, அது வந்தாலும் எதைச் சொல்வது எதைச் சொல்லாமல் விடுவது என்பது அந்தக் குடும்பத்தின் உரிமை. ஆனால் இன்று விடியும் முன்பே வட்ஸ்அப்பில் மூன்று விதமான கதைகள் எனக்கு வந்துவிட்டன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அவனுடைய தங்கை இங்கே தரம் 7-இல் படிக்கிறாள் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் ஃபோர்வர்ட் பண்ணும் குரல்பதிவு ஒருநாள் அவள் காதிலும் விழும்.

பாடசாலை வழக்கம்போல் நடக்கும். மூடிவிடலாமே என்று சில ஆசிரியர்கள் சொன்னார்கள், யோசித்துப் பார்த்தேன், அம்மா அப்பா வேலைக்குப் போன வீட்டில் ஒரு பிள்ளை தனியே ஃபோனும் கையுமாக இருந்து அழுவதைவிட இங்கே கூட்டாளிகளோடு இருப்பது நல்லது என்றே பட்டது. பாடம் நடக்குமா என்றால், தரம் 10 வகுப்புகளில் இந்த வாரம் பெரிதாக நடக்காது. அடுத்த வாரம் தொடங்க இருந்த அவர்களுடைய தவணைப் பரீட்சையை ஒரு வாரம் தள்ளியிருக்கிறோம். வீட்டுவேலை செய்யவில்லை என்று யாரையும் ஏசக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டேன். அவனுடைய மேசையையும் கதிரையையும் யாரும் நகர்த்த வேண்டாம், எப்போது எடுப்பது என்று அந்த வகுப்புப் பிள்ளைகளே சொல்லட்டும். இடாப்புக் கூப்பிடும்போது அவன் பெயர் வரும் இடத்தில் என்ன செய்வது என்பதை வகுப்பாசிரியரோடு பேசி முடிவெடுத்திருக்கிறோம், அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

இனி முக்கியமான விஷயம். எங்கள் உளவளத்துணை ஆசிரியை இன்று முதல் இரண்டு வாரத்துக்கு வேறு பாடம் எதுவும் எடுக்க மாட்டார். நூலகத்துக்குப் பக்கத்து அறையில் காலை 7.30 முதல் பிற்பகல் 3 மணி வரை இருப்பார். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து உளவளத்துணையாளர்கள் இருவர் வியாழனும் வெள்ளியும் வருகிறார்கள், ஒருவர் ஆண், ஒருவர் பெண். போக விரும்பும் மாணவர் துண்டு வாங்கத் தேவையில்லை, பாடம் நடுவில் கையை உயர்த்தி "போகிறேன் சேர்" என்றால் போதும், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு போகலாம். போய்ப் பேசாமல் சும்மா இருந்துவிட்டும் வரலாம், படம் கீறலாம், அழலாம். அவனோடு ஒரே வகுப்பில் இருந்தவர்களுக்கும் அவனோடு மாலையில் பந்து விளையாடியவர்களுக்கும் வியாழன் காலை தனித்தனிக் குழுவாக ஒரு சந்திப்பு வைத்திருக்கிறோம், அதிலும் வா என்று அழைப்போமே தவிர பேசு என்று யாரையும் வற்புறுத்த மாட்டோம். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது.

அங்கே சொல்வது வெளியே போகாது. ஒரு விலக்கு உண்டு, அதை மறைக்காமல் இப்போதே சொல்கிறேன்: ஒரு பிள்ளை தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகச் சொன்னாலோ, யாராவது அந்தப் பிள்ளைக்குத் தீங்கு செய்கிறார்கள் என்று தெரிந்தாலோ, பாதுகாப்புக்குத் தேவையானவர்களிடம் நாங்கள் பேசியே ஆக வேண்டும். அப்போதும் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வோம்.

ஆம்பிளைப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இன்று காலை மைதான ஓரத்தில் நின்ற சிலர் என்னைக் கண்டதும் அவசரமாக முகத்தைத் துடைத்தார்கள். துடைக்க வேண்டாமடா தம்பிமாரே. அழுங்கள்.

பெற்றோருக்கு: சின்னப் பிள்ளைகள் கேட்டால் "தூங்கிவிட்டான்", "தூரம் போய்விட்டான்" என்று சொல்லாதீர்கள், அப்புறம் தூங்கப் பயப்படுவார்கள், அல்லது திரும்பி வருவான் என்று காத்திருப்பார்கள். இறந்துவிட்டான், அவனுடைய உடல் வேலை செய்வது நின்றுவிட்டது என்று நேரே சொல்லுங்கள். நானும் அப்படிச் செத்துப்போவேனா என்று கேட்கக்கூடும், அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். சாப்பாடு குறைவது, வயிற்றுவலி என்பது, சட்டென்று கோபப்படுவது, பத்து நிமிடம் அழுதுவிட்டு விளையாடப் போவது எல்லாம் இந்த நாட்களில் வரக்கூடியவைதான். சில வாரம் போயும் நித்திரை இல்லை, பாடசாலைக்கு வர மறுக்கிறது, யாரோடும் சேராமல் அறைக்குள்ளேயே கிடக்கிறது என்றால் எங்களிடம் வாருங்கள், வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கடிதம் தந்து அனுப்புவோம். சாக வேண்டும் என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் நாட்கணக்குப் பார்க்கவே வேண்டாம், பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள். பேர் கெட்டுவிடும் என்று ஒளிக்காதீர்கள்.

இரவில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 1926, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணி நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம். பிள்ளைகளுக்கு ஏதாவது ஆபத்து என்றால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை.

பெரியவர்களுக்கும் இது சும்மா போகாது. எங்கள் ஊரில் 2004 சுனாமியிலும் அதற்கு முன்னும் பின்னும் நடந்த சண்டையிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர், பேத்தியை இழந்த அம்மம்மாமார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் சாவு பழைய புண்ணைக் கிளறிவிடும். வெள்ளிக்கிழமை மாலை 4.30-க்குப் பிரதான மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் இருக்கிறது, அந்த உளவளத்துணையாளர்கள் இருவரும் அதில் இருப்பார்கள், உங்களுக்காகவும்தான். ஆசிரியர்களுக்கு இன்று பாடசாலை விட்டதும் ஒரு சந்திப்பு.

இறுதிக்கிரியை நாளை புதன்கிழமை காலை 10 மணிக்கு வீட்டில். வர விரும்பும் தரம் 10, 11 மாணவர் பெற்றோர் கையெழுத்தோடு வரலாம், பாடசாலைச் சீருடையில், ஆசிரியர்களோடு பஸ்ஸில் போய்த் திரும்புவோம். வர மனமில்லாத பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், வராததால் நட்பு குறைந்துவிடாது. மற்றச் சமயப் பிள்ளைகள் தயங்க வேண்டியதில்லை, தரம் 10-இன் முஸ்லிம் மாணவர் சிலர் ஏற்கனவே பெயர் தந்துவிட்டார்கள்.

சந்தியில் பெரிய படத்தோடு கண்ணீர் அஞ்சலி பனர் கட்ட மாணவர் காசு சேர்ப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் மனம் விளங்குகிறது, ஆனால் குடும்பம் வேண்டாம் என்கிறது, அதனால் வேண்டாம். வெள்ளைக்கொடி கட்டலாம். சேர்த்த காசை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள், எட்டுச் செலவு முடிந்த பிறகு என்ன செய்வது என்று அவனுடைய அம்மா அப்பாவிடமே கேட்போம். அதுவரை வீட்டுக்குக் கூட்டமாகப் போய் அவர்களை நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். தங்கை பாடசாலைக்கு வரும் நாளில் அவளைச் சுற்றி நின்று பார்க்காமல், வழக்கம்போல் பக்கத்தில் இருந்து சாப்பிடுங்கள்.

அதிபர்