மேலதிக நேர, இரவு வேலைக் கொடுப்பனவுப் பாதீடு – 2026, கிளிநொச்சி அரிசி ஆலை

முகாமையாளர் ஐயாவுக்கு,

மாதச் சம்பளம் 36,000 ரூபாய், 200 மணித்தியாலம், மணிக்கு 180. மேலதிக நேரம் ஒன்றரை மடங்கு, 270 ரூபாய்.

காலபோக அறுவடை (பெப்ரவரி–மார்ச்): 24 பேர், தினம் 2 மணி, 50 நாள் – 648,000. இரவில் அவியலுக்கும் காயவிடவும் 8 பேர், ஆளுக்கு 300 வீதம் 50 இரவு – 120,000.

சிறுபோகம் (ஓகஸ்ட்–செப்டெம்பர்): 12 பேர், தினம் 2 மணி, 30 நாள் – 194,400. இரணைமடுத் தண்ணி குறைந்தால் இதுவும் குறையும்.

போன முறை மழைக்குள் வெட்டின நெல் முளைகட்டிச் சாக்கோடு வந்தது. உலர்த்தி விடியவிடிய ஓடியது. அதற்குக் கையிருப்பு 37,600, என் கணக்கில் போதாது.

மொத்தம் 1,000,000 ரூபாய். மேலதிக நேரத்துக்குச் சேமலாப நிதி கழிவதில்லை. தை முடியமுன் ஒப்பம் வேணும்.

– கணக்காளர்