கம்ப்ரஸர் கொள்முதல்: முடிவுக்கான குறிப்பு

பெறுநர்: நிர்வாக இயக்குநர்
அனுப்புநர்: பர்ச்சேஸ் பிரிவு, திருப்பூர் யூனிட்
நகல்: உற்பத்தி, பராமரிப்பு, கணக்கு
தேதி: 24.06.2025

ஐயா,

பழைய பிஸ்டன் கம்ப்ரஸருக்குப் பதிலாக 22 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரஸர் வாங்குவது பற்றி மே கடைசியிலிருந்து போய்வந்த மெயில்களையும் மூன்று கொட்டேஷன்களையும் சேர்த்துப் பார்த்து இதை எழுதுகிறேன். சென்னை டீலரின் விஎஃப்டி மாடலை, டிரையருடன் சேர்த்து, ஜிஎஸ்டி நீங்கலாக ரூ.7,60,000-க்கு வாங்கலாம் என்பது என் பரிந்துரை. அவர்களுடைய விலை 30.06.2025 வரைதான் செல்லும். அதனால் வெள்ளிக்கிழமைக்குள் (27.06.2025) ஒப்புதல் வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் அகமதாபாத் கொட்டேஷன்தான் ரொம்பக் குறைவு: ரூ.4,95,000. உற்பத்திப் பிரிவு அதையே வாங்கச் சொன்னதற்கும் அதுதான் காரணம். ஆனால் மூன்று பேரும் ஒரே பொருளுக்கு விலை சொல்லவில்லை. கோவை டீலர் டிரையரைத் தனியாகப் போட்டிருக்கிறார். அகமதாபாத் கொட்டேஷனில் டிரையரே இல்லை, லாரி வாடகையும் நம் தலையில். சென்னை விலையில் எல்லாம் அடக்கம். சமமாக்கிப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது (ஜிஎஸ்டி நீங்கலாக):

| | கோவை | சென்னை | அகமதாபாத் |
|---|---|---|---|
| வகை | ஃபிக்ஸட் ஸ்பீடு | விஎஃப்டி | ஃபிக்ஸட் ஸ்பீடு |
| மெஷின் | 5,85,000 | 7,60,000 | 4,95,000 |
| டிரையர் | 1,10,000 | அடக்கம் | 1,10,000* |
| வாடகை, நிறுவுதல் | 18,000 | அடக்கம் | 53,000 |
| மொத்தம் | 7,13,000 | 7,60,000 | 6,58,000 |

*கோவை டிரையர் விலையையே எடுத்துக்கொண்டேன்.

அகமதாபாத் கொட்டேஷனில் இன்னொரு விஷயமும் உண்டு. 138 சிஎஃப்எம் என்று போட்டிருந்தது 6 பார் அழுத்தத்துக்கான காற்றளவு. நம் லைனுக்கு 7 பார் வேண்டும். பராமரிப்பு மேலாளர் கவனித்துக் கேட்ட பிறகுதான் 7 பாரில் 126 என்று பதில் வந்தது. முழுப் பணமும் முன்கூட்டியே கேட்கிறார்கள், கோவைப் பக்கம் சர்வீஸ் ஆளும் இல்லை. கம்ப்ரஸர் நின்றால் நிட்டிங் முழுவதும் நிற்கும் என்பதால் இதை விலைக்கு இணையான விஷயமாகவே எடுத்துக்கொண்டேன்.

இனி மின்செலவு. "35% மிச்சம்" என்று சென்னை டீலர் மெயிலில் எழுதியதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பராமரிப்புப் பிரிவு எடுத்த ரீடிங்படி பகல் ஷிஃப்டில் நம் தேவை சுமார் 85%, இரவில் 45%. ஃபிக்ஸட் ஸ்பீடு மெஷின் காற்று தேவைப்படாத நேரத்திலும் அன்லோடில் ஓடிக்கொண்டு, முழு லோடில் இழுப்பதில் 30% வரை கரண்ட் இழுக்கும். விஎஃப்டியில் தேவைக்கேற்ப வேகம் குறைந்துவிடும். தினம் 16 மணி நேரம், வருடம் 300 நாள் ஓட்டினால் முன்னது சுமார் 90,600 யூனிட், பின்னது சுமார் 82,100 யூனிட். மிச்சம் 9 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். நம் பில்லின் சராசரியான ரூ.8.50 வீதம் அது வருடத்துக்கு ஏறக்குறைய ரூ.72,000. கோவை மாடலைவிட அதிகமாகக் கொடுக்கும் ரூ.47,000 எட்டு மாதத்தில் திரும்பிவிடும். அகமதாபாத்துடன் உள்ள வித்தியாசம் ரூ.1,02,000, அதற்கு ஒன்றரை வருடம் போதும். இரவு ஷிஃப்டை நிறுத்தும் எண்ணம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அப்போது மிச்சம் வெகுவாகக் குறையும், கோவை மாடலே போதும்.

விஎஃப்டி டிரைவ் பஞ்சுத் தூசியில் கெட்டுப்போகும் என்று பராமரிப்பு மேலாளர் எழுதியது நியாயமான கவலை. அதற்காகவே டிரைவுக்கு 2 வருட வாரண்டி கேட்டோம். சென்னை டீலர் 18-ஆம் தேதி மெயிலில் சரி என்றார். ஆனால் திருத்திய கொட்டேஷனில் பழையபடி 1 வருடம் என்றே இருக்கிறது. பர்ச்சேஸ் ஆர்டரில் 2 வருடம் என்று எழுதி, அவர்கள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பிய பிறகுதான் அட்வான்ஸ் போக வேண்டும். கம்ப்ரஸர் அறைக்குத் தூசி ஃபில்டரும் வெப்பக்காற்று வெளியேற டக்டும் போட வேண்டும். எந்த மெஷின் வாங்கினாலும் இது வேண்டும் என்பதால் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

பணம்: 30% அட்வான்ஸ், அனுப்பும் முன் 60%, ஓடவிட்டுக் காட்டிய பின் 10%. டெலிவரி 4 வாரம். 18% ஜிஎஸ்டி ரூ.1,36,800 சேர்த்து மொத்தம் ரூ.8,96,800. ஏற்றுமதி ரீஃபண்டில் கேபிடல் குட்ஸ் கிரெடிட் வராது, உள்நாட்டு விற்பனை வரியில்தான் கழிக்க முடியும் என்று கணக்குப் பிரிவு சொல்லியிருக்கிறது. வரித்தொகை சில மாதம் முடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், லீக். ஞாயிற்றுக்கிழமை லைன் முழுவதும் நிற்கும்போது சோதித்ததில் 24 சிஎஃப்எம் வீணாகப் போகிறது. புது மெஷின் வருவதற்குள் பைப் ஜாயின்ட்களைச் சரிசெய்ய பராமரிப்புப் பிரிவு ஒப்புக்கொண்டிருக்கிறது. அதற்கான பொருள் செலவுக்கும் இதனுடன் சேர்த்து ரூ.20,000 அனுமதி வேண்டுகிறேன்.