ஆகஸ்ட் 11 முதல் 15 வரை சிங்கப்பூரில் இருப்பேன், அரை மணி நேரம் கிடைக்குமா?

அண்ணன், அக்கா, ஐயா எல்லாருக்கும் வணக்கம்.

ஆளுக்கொரு அஞ்சலாக எழுதினால் இந்த வாரம் முடியாது என்பதால் எல்லாரையும் பிசிசியில் போட்டு ஒன்றாகவே அனுப்புகிறேன், தப்பா எடுத்துக்கொள்ள வேண்டாம். திருச்சியிலிருந்து திங்கள் இரவு விமானம். ஆகஸ்ட் 11 செவ்வாய் காலை அங்கே இறங்கி 15 சனிக்கிழமை இரவு கிளம்புகிறேன். தேசிய நாள் ஞாயிற்றுக்கிழமை வருவதால் திங்கள் உங்களுக்கு விடுமுறை என்று பார்த்துத்தான் செவ்வாயிலிருந்து வைத்தேன், விடுமுறையில் வந்து யாரையும் தொந்தரவு செய்ய மனசில்லை.

வருகிற வேலை, ஈய எழுத்து காலத்துத் தமிழ் அச்சுக்கூடங்களைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருக்கும் நீண்ட கட்டுரை. இங்கே திருச்சி, காரைக்குடி பக்கம் அச்சுக்கு எழுத்துக் கோத்த பழைய கம்பாசிட்டர்களிடம் பேசியாயிற்று. சிங்கப்பூரை விட்டுவிட்டு இதை எழுதவே முடியாது. 1887-லேயே 'சிங்கை நேசன்' அச்சான ஊர், திருவாரூர்க்காரரான கோ. சாரங்கபாணி 1935-இல் 'தமிழ் முரசு' ஆரம்பித்த ஊர். பழைய முரசு பக்கங்களை வீட்டிலிருந்தே NewspaperSG தளத்தில் நிறையப் பார்த்துவிட்டேன், மிச்சத்தை விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். ஆனால் பக்கத்தைப் பார்த்தால் என்ன அச்சாகியது என்றுதான் தெரிகிறது, அதை யார் எப்படிக் கோத்தார்கள் என்பது கோத்தவரிடம் கேட்டால்தான் உண்டு.

நான் கேட்க நினைப்பது ரொம்பச் சின்ன விஷயங்கள். உதாரணத்துக்கு ஒன்று. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டபோது ணை, லை, ளை, னை, றா, னா என்று மொத்தம் 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய லை தனி அச்சு, அதற்கு எழுத்துப் பெட்டியான கேஸில் தனி அறை. புதிய முறையில் இணைக்கொம்பை எடுத்து ல-வுக்கு முன்னால் வைத்தால் போதும். அப்படியானால் அந்த அறைகள் காலியானதா, உருக்கினார்களா, அங்கே இந்த மாற்றம் எப்போது வந்தது, கை பழகின வேகத்தில் பழைய அறைக்கே விரல் போனதா? இங்கே ஒரு பெரியவர் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது போல் இருக்கும் வரிசையைப் படித்துக்கொண்டே எழுத்துக் கோக்கும் சிறு தட்டான ஸ்டிக்கில் எழுத்தை அடுக்கிக் காட்டினார், இடது கட்டைவிரல் கடைசி எழுத்தை அழுத்திப் பிடித்தபடியே நகர்ந்தது. அது போல ஒருவரை அங்கேயும் பார்க்க ஆசை.

அதனால் கேட்கிறேன். கம்பாசிட்டர், புரூப் பார்த்தவர், மெஷின் ஓட்டியவர், கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடித்த சின்ன அச்சகக்காரர்களின் பிள்ளைகள், யாராயிருந்தாலும் சரி, உங்களுக்குத் தெரிந்தால் அறிமுகப்படுத்துங்கள். நீங்களே அந்தத் தொழிலில் இருந்தவர் என்றால் உங்களையே பார்க்க வருகிறேன். ஆளுக்கு அரை மணி நேரம், அதற்கு மேல் நீங்களே உட்கார வைத்தால்தான் உட்காருவேன். ஒலிப்பதிவு உங்கள் சம்மதத்தோடு மட்டும், கட்டுரையில் பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டேன்.

தங்குவது டன்லப் ஸ்ட்ரீட்டில். புதனும் வியாழனும் பகல் முழுக்க நூலகம், அதனால் அந்த இரண்டு நாளும் மாலை ஐந்தரைக்கு மேல்தான் வசதி. செவ்வாய் மதியத்துக்கு மேலும், வெள்ளி முழு நாளும், சனி மத்தியானம் வரையும் எங்கே கூப்பிட்டாலும் வருவேன். யீஷூன், உட்லண்ட்ஸ், ஜூரோங் என்று தூரமாக இருந்தாலும் எம்ஆர்டி இருக்கிறது, வயசானவர்களை தேக்காவுக்கு இழுத்தடிக்க வேண்டாம். வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் பார்க்கலாம் என்றால் உங்கள் ஆபீஸ் பக்கமே வந்துவிடுகிறேன், பில் என்னுடையது. தேக்கா சென்டர் சாப்பாட்டுக் கடைகளில் பேசினால் பதிவில் தட்டுச் சத்தம்தான் கேட்கும், அங்கே சாப்பிட மட்டும் போகலாம்.

ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்களுக்கு வசதியான நாளும் நேரமும் ஒரு வரியில் சொல்லிவிட்டால் 4-ஆம் தேதிக்குள் எல்லாருக்கும் நேரத்தை உறுதி செய்துவிடுவேன். அந்த வாரம் முடியாது என்றால் பதில்கூட வேண்டாம், நான் புரிந்துகொள்வேன். வீட்டில் பழைய அச்சகப் படம், ரசீதுப் புத்தகம், நாலைந்து ஈய எழுத்து ஏதாவது கிடந்தால் தேடி வையுங்கள், இருந்த இடத்திலேயே படம் எடுத்துக்கொள்கிறேன், எதையும் வாங்கிக்கொண்டு போகமாட்டேன்.

மணப்பாறை முறுக்கு கொண்டுவருகிறேன். வேறு ஏதாவது இங்கிருந்து வேண்டுமென்றால் இப்போதே சொல்லுங்கள், பெட்டியில் ஏழு கிலோ இடம் இருக்கிறது. அவசரம் என்றால் வாட்ஸ்அப், என் எண் உங்கள் எல்லாரிடமும் இருப்பதேதான், அங்கே வந்த பிறகும் அதுவே வேலை செய்யும்.

அன்புடன்
செல்வம்
திருச்சி