டியூஷன் கேட்டிருந்தீர்கள்: யாழினியின் அம்மாவுக்கு

அக்டோபர் 14

அன்புள்ள யாழினியின் அம்மாவுக்கு,

வணக்கம். வீட்டுக்கு வந்து யாழினிக்குக் கணக்கு சொல்லித்தர முடியுமா என்று வியாழக்கிழமை பள்ளி வாசலில் கேட்டீர்கள். நின்ற இடத்திலேயே அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். என்னால் டியூஷன் எடுக்க முடியாதும்மா. பணம் வாங்கிக்கொண்டும் முடியாது, வாங்காமல் வீட்டுக்கு வந்தும் முடியாது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 28, ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். வகுப்பில் யாழினியோடு 37 பிள்ளைகள் இருக்கிறார்கள். கேள்வித்தாள் தயாரிப்பதும் நான், திருத்துவதும் நான். ஒரு பிள்ளைக்கு மட்டும் நான் தனியாகச் சொல்லிக்கொடுத்தால், நாளைக்கு அவள் நல்ல மதிப்பெண் எடுக்கும்போது அது அவள் உழைப்பு என்று மற்ற பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அந்தப் பேச்சு அவள் காதில் விழக் கூடாது.

நீங்கள் கேட்டதில் தவறே இல்லை. மகள் பின்தங்குகிறாளே என்ற கவலையில் கேட்டீர்கள். அந்தக் கவலை நியாயமானது. அதற்கான பொறுப்பு பள்ளிக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது.

நேற்று அவளுடைய காலாண்டுத் தேர்வுத் தாளை மறுபடி எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். இழந்தது 24 மதிப்பெண். அதில் 13 ஒரே தவறால் போயிருக்கிறது: அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால், உள்ளே இருக்கும் இரண்டாவது உறுப்பின் குறியை மாற்ற மறந்துவிடுகிறாள். பின்னங்களுக்கு மீ.சி.ம. எடுப்பதில் 6 போயிற்று. மீதி 5 கடைசி வடிவியல் கணக்கு. நேரம் போதாமல் தொடவே இல்லை. குறித் தவறு ஏழாம் வகுப்பிலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வகுப்பில் விடையை மட்டும் சரிபார்த்துக்கொண்டு போனதால் என் கண்ணிலும் படவில்லை. அது என் குறை. இனி வாரம் ஒருமுறை அவள் நோட்டின் படிகளையும் பார்ப்பேன்.

ஒரு கணக்கை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

5x − 3(x − 2) = 16

யாழினி இதை 5x − 3x − 6 = 16 என்று விரித்து, x = 11 என்று முடித்திருக்கிறாள். −3-ஐ −2-ஆல் பெருக்கினால் +6 வரும். 5x − 3x + 6 = 16 என்று எழுதினால் x = 5. விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: 11 போட்டால் இடப்பக்கம் 28 வருகிறது, 5 போட்டால் 16 வருகிறது.

அடுத்த வாரத்திலிருந்து செவ்வாய், வியாழன் மாலை 4.10 முதல் 4.45 வரை, ஆறு வாரம், இதற்காகவே நம் வகுப்பறையில் உட்காரப்போகிறோம். யாழினியோடு இதே தவறு செய்யும் இன்னும் ஐந்து பிள்ளைகளும் இருப்பார்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். கட்டணம் கிடையாது. அவள் 5.10 பஸ்ஸில் வந்துவிடலாம். இருட்டுவதற்குள் வீடு சேர்ந்துவிடுவாள். உங்களுக்குச் சம்மதம் என்றால் அவளுடைய கையேட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை. தினமும் ஐந்து கணக்கு, 20 நிமிடம். போட்டு முடித்ததும், "விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தியா?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் டிக். வராவிட்டால் அழிக்கச் சொல்லாதீர்கள். எந்த வரியில் தடம் மாறியது என்று நான் பார்க்க வேண்டும். அழித்த நோட்டில் அது தெரியாது.

இதற்குப் பிறகும் வெளியே டியூஷன் சேர்க்க நினைத்தால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் இந்த ஆறு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பது என் எண்ணம். அங்கே அடுத்த பாடத்தை முன்கூட்டியே நடத்திவிட்டால், பழைய தவறு அடியிலேயே தங்கிவிடும்.

நீங்கள் என்னிடம் கேட்டதும், நான் மறுத்ததும் யாழினிக்குத் தெரிய வேண்டாம். டீச்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என அவள் எடுத்துக்கொள்வாள்.

நவம்பர் கடைசி சனிக்கிழமை காலை 10.30-க்கு அவளுடைய கணக்கு நோட்டோடு பள்ளிக்கு வாருங்கள். சேர்ந்தே பார்க்கலாம். அதற்கு முன் ஏதாவது கேட்க வேண்டுமென்றால், மதியம் 12.50-க்கு மேல் ஆசிரியர் அறையில் இருப்பேன்.

அன்புடன்,
கணித ஆசிரியை,
எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு